60 வோல்ட் என்று எழுதியிருந்த தவறான சார்ஜர்: கராஜ் தீவிபத்து குறித்து அண்டை வீட்டாருக்கும் விற்பனையாளருக்கும் ஒரு திறந்த மடல்

அண்டை வீட்டார் அனைவருக்கும், அந்த ஸ்கூட்டரை விற்று, பிறகு பேட்டரியையும் மாற்றிக் கொடுத்த கடையின் உரிமையாளருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் பின்பக்க ஷட்டர் கராஜில், அதிகாலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து போனது. பக்கத்தில் நின்ற இரண்டு பைக்குகளும் கருகின. யாருக்கும் காயமில்லை. அன்றிலிருந்து வளாகத்தில் மூன்று காரணங்கள் சுற்றி வருகின்றன: கரண்ட் ஏற்ற இறக்கம், பழைய ஒயரிங், வண்டிக்காரரின் கவனக்குறைவு. மூன்றும் தவறு என்பதை ஆதாரத்தோடு சொல்லவும், இதே கடையில் பேட்டரி மாற்றிய மற்ற வீடுகள் இன்று இரவே செய்ய வேண்டியதைச் சொல்லவும் சங்கத்தின் மின்பராமரிப்புக் குழுவாக இதை எழுதுகிறோம்.

முதலில் ஒயரிங். அந்தச் சார்ஜர் அதிகபட்சமாகத் தருவது 73.5 வோல்ட்டில் 6 ஆம்பியர், அதாவது சுமார் 440 வாட். சார்ஜருக்குள் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து அது இழுப்பது 500 வாட்டை ஒட்டி வரும். 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு இஸ்திரிப் பெட்டி இதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். எனவே சாக்கெட்டுக்கோ ஒயருக்கோ அது ஒரு சுமையே அல்ல. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பித்தளைக் கவ்விகள் நிறம் மாறாமல் இருந்தன. தளர்ந்த இணைப்பில் தீ தொடங்கியிருந்தால் முதலில் கருகியிருக்க வேண்டிய இடம் அதுதான். கரண்ட் ஏற்ற இறக்கம் காரணமென்றால் முதலில் உள்ளே கருகியிருக்க வேண்டியது சார்ஜர். அதன் பெட்டியோ வெளியிலிருந்து உள்நோக்கி வெந்திருக்கிறது. பேட்டரியின் தகரப் பெட்டியோ உள்ளிருந்து வெளியே பிதுங்கிக் கிழிந்திருக்கிறது. தீ எங்கே பிறந்தது என்பதை இந்த மூன்றும் சேர்ந்து சொல்கின்றன.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று பலர் கேட்டீர்கள். எம்.சி.பி. பார்ப்பது சுவர் ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும். ஆர்.சி.சி.பி. பார்ப்பது பூமிக்குக் கசியும் மின்னோட்டத்தை. பேட்டரிக்குள் ஒரு செல் அளவுக்கு மீறி நிரம்புவது இரண்டின் கண்ணிலும் படாது. தீயில் ஒயர் உருகி ஒட்டிய பிறகுதான் எம்.சி.பி. விழுந்தது.

இனி பேட்டரிக்கு வருவோம். இந்த வண்டி விற்கப்பட்டபோது அதில் இருந்தவை 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் ஐந்து. அவை தேய்ந்ததும் கடையில் ஐந்தையும் எடுத்துவிட்டு ‘லித்தியம் 60 வோல்ட் 20 ஏ.ஹெச்.’ என்று பில் போட்டு ஒரே பேட்டரியாக வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜரை மாற்றவில்லை. பழையதும் 60 வோல்ட், புதியதும் 60 வோல்ட், ஆகவே பழைய சார்ஜரே போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தீயின் வேர் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

‘60 வோல்ட்’ என்பது பேட்டரியின் பெயர் மட்டுமே. சார்ஜருக்கு முக்கியம், பேட்டரி முழுதாக நிரம்பும்போது எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது. லெட் ஆசிட்டில் ஒரு 12 வோல்ட் பேட்டரியை நிரப்பச் சார்ஜர் சுமார் 14.7 வோல்ட் வரை போகும், ஐந்துக்கு 73.5. லித்தியத்தில் இரண்டு வகைகள் நம் ஊர் வண்டிகளில் அதிகம் வருகின்றன. என்.எம்.சி. வகைச் செல் 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். எல்.எஃப்.பி. வகைச் செல் 3.65 வோல்ட்டில் நிரம்பும். என்.எம்.சி. செல்களை 16 வரிசையாகக் கோத்தாலும் 60 வோல்ட் என்றே விற்பார்கள். அதன் நிறைவு 67.2 வோல்ட். 17 வரிசை என்றால் 71.4. எல்.எஃப்.பி. செல்களை 20 வரிசையாகக் கோத்ததும் 60 வோல்ட்தான். அதன் நிறைவு 73 வோல்ட்.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். 20 வரிசை எல்.எஃப்.பி.யின் 73 வோல்ட்டும் லெட் ஆசிட் சார்ஜரின் 73.5 வோல்ட்டும் அருகருகே வருகின்றன. எல்.எஃப்.பி. போட்டுக் கொடுத்த வண்டிகள் பழைய சார்ஜரிலேயே பிரச்சினை தெரியாமல் ஓடியிருக்கும். அந்த அனுபவத்தை நம்பி மெக்கானிக் என்.எம்.சி. பேட்டரிக்கும் அதையே செய்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியின் வகை மாறியது அவருக்குச் சொல்லப்பட்டிருக்காவிட்டால் கைக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. பிளக் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான்.

எரிந்த பேட்டரி என்.எம்.சி.தான் என்று எப்படித் தெரியும்? செல்களின் எஃகு உறைகள் தீயில் அழியாது. மிச்சத்தில் எண்ணினோம்: எட்டெட்டாகச் சேர்த்த 16 வரிசைகள், மொத்தம் 128 செல்கள். எல்.எஃப்.பி. செல்லின் சராசரி 3.2 வோல்ட். 16 வரிசைக்கு 51 வோல்ட்தான் வரும், அதை 48 வோல்ட் பேட்டரி என்று விற்பார்களே தவிர 60 என்று விற்க மாட்டார்கள். மேலும் எட்டுச் செல்கள் சேர்ந்து 20 ஏ.ஹெச். தர வேண்டுமானால் ஒவ்வொன்றும் 2.5 ஏ.ஹெச். கொண்டதாக இருக்க வேண்டும். விரல் தடிமனுள்ள அந்தச் சிறிய அளவில் எல்.எஃப்.பி. அவ்வளவு கொள்ளாது.

சார்ஜரின் லேபிளில் ‘லெட் ஆசிட்’ என்ற எழுத்துகள் பாதி தப்பியிருக்கின்றன. அதே கடை கொடுத்த அதே மாடல் சார்ஜர் நம் வளாகத்தில் இன்னொரு வீட்டில் இருந்தது. அதை அளந்தோம்: 73.4 வோல்ட். அதை 16ஆல் வகுத்தால் ஒவ்வொரு செல்லுக்கும் கிட்டத்தட்ட 4.59. நிற்க வேண்டிய இடம் 4.2. இன்னொரு குணமும் அந்தச் சார்ஜருக்கு உண்டு. நிரம்பியதும் அது முழுதாக நின்றுவிடாது. லெட் ஆசிட் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால், 69 வோல்ட்டை ஒட்டி இரவு முழுக்கத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதுகூட ஒரு செல்லுக்கு 4.31. லித்தியம் செல்லுக்கு அப்படித் தாங்கிப் பிடிப்பது தேவையே இல்லை. நிறைவு வோல்ட்டைத் தொட்டு, மின்னோட்டம் குறைந்ததும் முழுக்க நிறுத்திவிட வேண்டும்.

அப்படியானால் முதல் நாளே எரிந்திருக்க வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. பதில், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பலகையில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் அது தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த ஒரு வரிசையாவது 4.25 போன்ற ஓர் எல்லையைத் தொட்டால் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சைத் திறந்து சார்ஜைத் துண்டிக்கும். அந்தப் பாதுகாப்பு வேறு ஏதாவது கெட்டுப்போகும் அன்றைக்கு என்று வைத்தது. இந்த வண்டியிலோ தினமும் இரவில் சார்ஜை நிறுத்தும் வேலையே அதன் தலையில் விழுந்தது. துண்டித்த சிறிது நேரத்தில் செல்களின் வோல்ட் லேசாக இறங்கும், பலகை மறுபடி இணைக்கும், சார்ஜர் மறுபடி தள்ளும். விடியும் வரை இதே ஆட்டம். செல்கள் தங்கள் உச்சத்திலேயே நெடுநேரம் நிற்பதால் வேகமாகக் கெடும். வரிசைகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு வளரும். மாஸ்ஃபெட் பழுதாகும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் நிற்பதில்லை, மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு 73.5 வோல்ட்டுக்கும் செல்களுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது.

அளவுக்கு மீறி நிரம்பும் செல்லுக்குள் லித்தியம், கார்பன் தகட்டுக்குள் நுழைய இடமில்லாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிகிறது. திரவம் சிதைந்து வாயுவாகிறது, செல் சூடாகிறது. 100 டிகிரியை ஒட்டி உள்ளே ஒரு காப்புப் படலம் சிதையத் தொடங்கும். அதிலிருந்து செல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. 130 டிகிரி அளவில் தகடுகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் தாள் உருகத் தொடங்கி உள்ளேயே ஷார்ட் ஆகும். ஒரு செல்லின் வெப்பம் அடுத்ததைப் பற்ற வைக்கும். சிசிடிவியில் நீங்கள் பார்த்த வரிசை இதுதான்: இருக்கைக்கு அடியிலிருந்து முதலில் வெண்புகை, ஒரு நிமிடத்துக்குள் பீய்ச்சியடித்த தீ, பிறகு பட்டாசு போலத் தொடர் வெடிச் சத்தம்.

வண்டியின் உரிமையாளர் கடை கொடுத்த சார்ஜரை, கடை சொன்னபடி பயன்படுத்தினார். அவர்மீது பழி போடுவதை வளாகத்தில் உடனே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பேட்டரி மாற்றிய வண்டி வைத்திருக்கும் வீடுகள் இப்போது செய்ய வேண்டியது இது. சார்ஜரின் லேபிளில் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 60 என்று மட்டும் போட்டிருந்தால் அது பதில் அல்ல. 67.2, 71.4, 73 என்று புள்ளியோடோ துல்லியமாகவோ எண் இருக்க வேண்டும், அதுவே பேட்டரியின் லேபிளிலும் நிறைவு வோல்ட்டாக இருக்க வேண்டும். லேபிள் இல்லையென்றால், மல்ட்டிமீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்து, வண்டியோடு இணைக்காமல் சார்ஜரை மட்டும் சுவரில் செருகி அதன் வெளிமுனையை அளக்கலாம். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சில லித்தியம் சார்ஜர்கள் பேட்டரியை உணர்ந்தால்தான் மின்சாரம் தரும். அவற்றில் சுழியம் காட்டினால் பயப்பட வேண்டாம். மீட்டர் பழக்கமில்லாதவர்கள் முயல வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் சங்க அறைக்குச் சார்ஜரைக் கொண்டுவந்தால் நாங்கள் அளந்து தருகிறோம். பேட்டரியின் வரிசை எண்ணிக்கையும் வகையும் எழுத்தில் தெரியாத வரை அந்த வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள்.

மீட்டர் இல்லாமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. பச்சை விளக்கு வந்த பிறகு திரும்பத் திரும்பச் சிவப்புக்குப் போவது, பி.எம்.எஸ். துண்டித்து இணைக்கிறது என்பதற்கான அடையாளம். வழக்கமாக நான்கு மணி நேரத்தில் பச்சையாகும் சார்ஜர் ஒருநாள் ஆறு மணி நேரமாகியும் சிவப்பிலேயே நின்றால் அது அதைவிட மோசம். சார்ஜ் முடிந்து வெகுநேரமான பின்னும் பேட்டரிப் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது, மூடி சரியாகப் பொருந்தாதபடி பெட்டி உப்புவது, நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் போல இனிப்பான கார வாசனை வருவது, இவற்றில் எது தென்பட்டாலும் வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். டைமர் சுவிட்ச் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம். 20 ஏ.ஹெச். பேட்டரியை 6 ஆம்பியரில் நிரப்ப மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், நாலரை மணி நேரத்தில் துண்டிக்கும்படி வைத்தால் இரவு முழுக்கத் தாங்கிப் பிடிப்பது நின்றுவிடும். ஆனால் பாதி நிரம்பிய பேட்டரியில் தவறான சார்ஜர் அந்த நேரத்துக்குள்ளேயே எல்லை தாண்டிவிடும். சரியான சார்ஜருக்கு மேல் கூடுதல் காவலாகத்தான் டைமர்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வெண்புகை சாதாரணப் புகை அல்ல. அதில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் தீப்பிடிக்கும் ஆவிகளும், நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கலந்திருக்கும். மூடிய ஷட்டருக்குள் அது சேர்ந்தால் ஒரு தீப்பொறியில் அறையே வெடிக்கலாம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்தபோது தந்தையும் மகளும் இறந்தது புகையில் மூச்சுத்திணறித்தான். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு ஷோரூமில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. புகை படிக்கட்டு வழியே மேலேறி, அதே கட்டடத்து விடுதியில் தங்கியிருந்த எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். எனவே ஷட்டர் கராஜிலும் படிக்கட்டுக்கு அடியிலும் மீட்டர் பலகைக்குப் பக்கத்திலும் சார்ஜ் போடுவதை நிறுத்தியிருக்கிறோம். மதிலோரம் கூரையிட்ட திறந்த இடத்தில் இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் தனி எம்.சி.பி.யோடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடும் போடப்படும். வெயிலில் ஓட்டி வந்த வண்டியை அரை மணி நேரமாவது ஆறவிட்டுச் செருகுங்கள்.

புகை கண்டால் ஷட்டரைத் தூக்கி உள்ளே போகாதீர்கள். அந்தப் பகுதியின் மெயினை வெளியிலிருந்து அணையுங்கள், மேல் வீடுகளை எழுப்புங்கள், 101 அல்லது 112க்குக் கூப்பிட்டு ‘லித்தியம் பேட்டரி’ என்ற சொல்லைத் தவறாமல் சொல்லுங்கள். அன்று காவலாளி அடித்த பவுடர் சிலிண்டரால் தீ அடங்கியதுபோல் தோன்றி மறுபடி எழுந்தது. பவுடர் தீயை மூடும், செல்லின் வெப்பத்தை எடுக்காது. வெப்பத்தை எடுப்பது தண்ணீர், அதுவும் நிறைய, நெடுநேரம்; அதைத் தீயணைப்புத் துறையினர் தூரத்திலிருந்து செய்வார்கள். அணைந்த பிறகும் முடிந்துவிடாது. மறுநாள் மதியம் அந்த மிச்சத்திலிருந்து மீண்டும் புகை வந்ததை நீங்களே பார்த்தீர்கள். எரியாமல் பாதி நிரம்பி மிஞ்சிய செல்கள் மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூடக் காத்திருந்து பற்றும். அதனால்தான் அதை விளையாட்டுத் திடலின் மூலையில், எதிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி மணல்மேல் வைத்திருக்கிறோம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

கடை உரிமையாளர் அவர்களுக்கு.

உங்கள் ஆள் வந்து, எரிந்த பேட்டரியைக் கொடுத்தால் புதியது தருவதாகச் சொன்னார். கொடுக்க மாட்டோம். அதுவும் சார்ஜரும் இந்த விபத்தின் சான்றுகள். நீங்களும் நாங்களும், பேட்டரியைக் கட்டிக் கொடுத்தவரும் சேர்ந்து நின்று பார்த்து, படம் எடுத்து, கையெழுத்திட்ட பிறகுதான் அது இடம் மாறும். அதற்குப் பின் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி உரிய மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும்.

இது 250 வாட், 25 கிலோமீட்டர் வேக வண்டி, பதிவே தேவையில்லை, எனவே விதியும் இல்லை என்று நீங்கள் சொன்னதாக அறிகிறோம். பதிவு தேவைப்படும் மின்சார இருசக்கர வண்டிகளின் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 தரத்தின் கூடுதல் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக வந்தன. உங்கள் வண்டி அந்த வரம்புக்கு வெளியே இருக்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே இல்லை. அதன் 86ஆம் பிரிவு, விற்பவர் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால் அவரே பொறுப்பு என்கிறது. லெட் ஆசிட் வண்டியில் லித்தியம் வைத்தது உங்கள் கடை. வண்டியின் உரிமையாளருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. இதே மாற்றத்தை நீங்கள் செய்து கொடுத்த வண்டிகள் இன்று இரவும் எங்கோ சார்ஜில் நிற்கும். உங்கள் பில் புத்தகத்தில் எண்கள் இருக்கின்றன. லித்தியம் மாற்றிய ஒவ்வொருவரையும் அழைத்து, சரியான சார்ஜர் கைக்கு வரும் வரை சார்ஜ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். லெட் ஆசிட் சார்ஜர்களை இலவசமாகத் திரும்பப் பெறுங்கள். எங்கள் வளாகத்து வண்டிகளுக்கு, செல்லின் வகை, வரிசை எண்ணிக்கை, செல் தயாரான மாதமும் ஆண்டும், பி.எம்.எஸ். எந்த வோல்ட்டில் துண்டிக்கிறது, சார்ஜர் எந்த வோல்ட்டில் நிறுத்துகிறது என்ற ஐந்தையும் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தாருங்கள். உங்களுக்கே இவை தெரியாதென்றால், பேட்டரியைக் கட்டிக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். அவரும் சொல்லாவிட்டால் அந்தப் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கூட்டு ஆய்வுக்கு வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். பேட்டரி மாற்றிய பில்லின் உங்கள் பிரதியைக் கொண்டு வாருங்கள், அன்று வேலை செய்த மெக்கானிக்கையும் உடன் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
மின்பராமரிப்புக் குழு,
குடியிருப்போர் நலச் சங்கம்